இரண்டு ரன், மூன்று விக்கெட்: சேப்பாக்கத்தில் ஒரு பவர்பிளே

டெஸ்ட் மேட்ச் மட்டுமே பார்க்கும் மயிலாப்பூர் நண்பர் ஒருவர் இருக்கிறார். பவர்பிளே என்றாலே அவருக்கு இளக்காரம். "ஃபீல்டரை எல்லாம் கட்டிப் போட்டுட்டு பேட்ஸ்மேனை அடிக்கச் சொல்றது, வேற என்ன?" என்பார். வர்ணனையாளர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரிய, 2023 அக்டோபர் 8 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா-ஆஸ்திரேலியா உலகக்கோப்பை ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் விதி. பிட்சின் இரு முனைகளிலும் நடு ஸ்டம்பை மையமாக வைத்து 30 கெஜ ஆரத்தில் அரைவட்டம் போட்டு, இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் வருவது உள்வட்டம். மைதானத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியுமே, அதுதான். 50 ஓவர் ஆட்டத்தில் முதல் 10 ஓவரில் அதற்கு வெளியே இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 11 முதல் 40 வரை நான்கு பேர், கடைசி பத்தில் ஐந்து பேர். மீறினால் நோபால், அடுத்த பந்து ஃப்ரீ ஹிட். இவை உச்சவரம்புகள் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். நான்கு பேர் வெளியே போகலாம் என்றால் போயே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை.

இப்போ கணக்கு. பௌலர், கீப்பர் போக ஒன்பது பேர். இரண்டு பேர் வெளியே என்றால் ஏழு பேர் எப்படியும் உள்ளேதான். உள்ளே நிற்கும் ஏழில் ஒருவரையோ இருவரையோ ஸ்லிப்பில் போட கேப்டன் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை, பவுண்டரியில் நிறுத்த முடியாத ஆள்தானே! டெஸ்ட் ரசிகருக்குப் பழக்கமான ஃபீல்டிங் ஒருநாள் ஆட்டத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தப் பத்து ஓவரில்தான். புதுப் பந்தும் அப்போதுதான். அதனால் பவர்பிளே பேட்ஸ்மேனுக்குத் தரும் இடைவெளிக்கு ஒரு விலையும் சேர்த்தே வைக்கிறது.

அன்று இந்தியாவுக்கு இலக்கு 200, ஓவருக்கு நாலு. அவசரமே இல்லை. ஆனால் ஸ்டார்க்கின் முதல் ஓவரில் வெளியே போன பந்தை இஷான் கிஷன் டிரைவ் செய்யப்போய் ஸ்லிப்பில் கிரீனிடம் கேட்ச். ஹேசல்வுட்டின் ஓவரில் ரோகித் எல்பிடபிள்யூ. அதே ஓவரில் ஷ்ரேயஸ் கவர் பக்கம் அடித்து வார்னர் கையில். மூவருமே பூஜ்யம். இரண்டு ஓவரில் 2/3. எல்பியை விடுங்கள், மற்ற இரண்டு கேட்சும் உள்வட்டத்துக்குள் நின்ற ஆட்களுக்கு வந்தவை. டிரைவ் ஆடத் தூண்டுவதும் அந்த ஃபீல்டிங்தான், பிடிப்பதும் அதே ஃபீல்டிங்தான்.

கோலி 12-ல் இருந்தபோது ஹேசல்வுட்டின் பந்தை புல் செய்தார், சரியாகப் படவில்லை, பந்து நேர் உயரத்துக்குப் போனது. மார்ஷ் ஓடிவந்தார், கீப்பர் கேரியும் வந்தார், மார்ஷ் கோட்டைவிட்டார். அந்தக் கேட்ச் பிடிபட்டிருந்தால் நான் இதை எழுதும் தொனியே வேறாக இருந்திருக்கும். சேப்பாக்கத்தில் அந்த ஒரு கணம் எவ்வளவு அமைதியாக இருந்ததுன்னு டிவியில் பார்த்தவர்களுக்கே தெரியும்.

பத்து ஓவர் முடிந்ததும்தான் எனக்குப் பிடித்த பகுதி. வெளியே நாலு பேர் போகலாம் என்றானதும் பவுண்டரி கஷ்டமாகும், சிங்கிள் சுலபமாகும். இலக்கு 300 என்றால் இது பேட்டிங் அணிக்கு நெருக்கடி. இலக்கு 200 என்றால் வரப்பிரசாதம். கோலியின் 85 ரன்னில் பவுண்டரிகள் ஆறுதான், அதாவது 24 ரன். சிக்ஸர் கிடையாது. மீதி 61 ரன்னை ஓடியே எடுத்தார். அவரும் ராகுலும் (97 நாட் அவுட்) சேர்த்தது 165. டெஸ்டில் டிராவுக்காக நிற்பவர்கள் ஆடுவதுபோல, ரிஸ்க் இல்லாமலேயே ஆடினார்கள், இந்தியா 41.2 ஓவரில் முடித்துவிட்டது.

இங்கேதான் ஆஸ்திரேலிய தரப்பு மேல் எனக்குக் கேள்வி. 199-ஐக் காப்பாற்ற வேண்டுமானால் விக்கெட் எடுப்பதைத் தவிர வழியே இல்லை. ரன்னைத் தடுக்க ஆளைப் பரப்பினால் நாலு நாலாக வந்துகொண்டேதான் இருக்கும், அது போதும் இந்தியாவுக்கு. சுழல் எடுத்த பிட்சில் ஜடேஜா 28 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்திருந்தார். ஸாம்பாவோ 8 ஓவரில் 53 கொடுத்து விக்கெட்டே எடுக்கவில்லை. அவருக்கு ஸ்லிப்பும் ஷார்ட் லெக்கும் விடாமல் வைத்திருந்தால் ரன் இன்னும் கசிந்திருக்கலாம்தான். ஆனால் 200 இலக்கில் ஒரு விக்கெட்டுக்கு இருபது ரன் கொடுப்பது நல்ல பேரம்.

நண்பருக்கு ஒரு யோசனை. அடுத்த ஒருநாள் ஆட்டத்தில் ஸ்கோரைப் பார்க்காமல் ஸ்லிப்பில் எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள். பதினோராவது ஓவரில் அந்த ஆள் எங்கே போகிறார் என்று பாருங்கள். கேப்டன் எதற்குப் பயப்படுகிறார்னு அதிலேயே தெரிந்துவிடும்.