முதலில் யாரிடம் போவது?

நாலு நம்பரில் ‘பெரிய’ பந்தயம் ஒரு வெள்ளி போட்டால், சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு. முதல் மூன்று பரிசுகள் 2,500, 1,000, 500 வெள்ளி. அதற்குமேல் 180 வெள்ளியில் பத்து, 60 வெள்ளியில் பத்து. எல்லாவற்றையும் கூட்டி 10,000 எண்களால் வகுத்தால் இந்தத் தொகை வரும். ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் பலருக்கு இது ஓரளவு தெரியும். தெரிந்தும் கனவில் வந்த எண்ணையும் விபத்தில் நசுங்கிய காரின் எண்ணையும் எழுதுகிறார்கள். ஒரு இலக்கம் மாறிப் போய்விட்டால், ‘நெருங்கிட்டோம், அடுத்த குலுக்கல்ல விழும்’ என்று தோன்றுகிறது.

மனநலச் சிகிச்சை இந்தத் தோன்றலைத்தான் குறி வைக்கிறது. சம்பள நாளா, வீட்டுச் சண்டையா, கைப்பேசியில் வரும் ஸ்லாட் விளம்பரமா, எது ஆசையைக் கிளப்புகிறது என்று ஆலோசகர் எழுத வைப்பார். அடுத்த முறை அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பழக்குவார். 2006இல் அமெரிக்காவில் நான்சி பெட்ரி குழு வெளியிட்ட ஆய்வில், சூதாடிகளுக்கான சுய உதவிக் குழுவுக்குப் போகச் சொல்லி மட்டும் அனுப்பப்பட்டவர்களைவிட, அதோடு எட்டு அமர்வு தனிச் சிகிச்சையும் பெற்றவர்கள் சூதாட்டத்தை அதிகம் குறைத்தார்கள்.

1957இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய அந்தச் சுய உதவிக் குழு இயக்கத்தில் நிலைத்து நிற்பவர்கள் குறைவு. 1988இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றில், முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஓராண்டு முழுக்க சூதாடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். இருந்தாலும் இந்த எண்ணை வைத்துக் குழுவைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை கை துறுதுறுக்கும்போது ஆலோசகர் போன் எடுக்கமாட்டார். குழுத் தோழர் எடுப்பார். கடனைப் பிரித்துப் பார்ப்பதிலும் குழுவுக்கு இணை இல்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் இங்கே யாருக்கும் அந்நியமான குடும்பமல்ல. கணவருக்கு மாதம் 1,700 வெள்ளி சம்பளம். மச்சானிடம் 2,000, கூட்டுப் பணத்தில் 1,500, வங்கியில் 4,000, ஆலோங்கிடம் 3,000 வெள்ளி கடன். சில வாரம் ஆடாமல் இருந்தபிறகு கணவனையும் மனைவியையும் மூத்த உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார வைப்பார்கள். ஒளித்த கடன் ஒன்றுவிடாமல் தாளில் ஏற வேண்டும். வீட்டுச் செலவு போக 300 வெள்ளி மிஞ்சினால், அதை எல்லாருக்கும் சிறு சிறு தவணையாகப் பிரிப்பார்கள். சம்பளம் மனைவி கைக்குப் போகும். புதுக் கடன் கூடாது. ‘இந்த ஒரு தடவை நான் கட்டிடுறேன்’ என்று அண்ணன் முன்வந்தாலும் வேண்டாம் என்பார்கள், அந்த உதவிதான் அடுத்த ஆட்டத்துக்கு முதலாகும் என்பதால்.

இந்தத் திட்டம் ஆலோங்கிடம் உடைந்துபோகும். மச்சான் காத்திருப்பார், வங்கிக் கடனுக்கு ஏகேபிகே இலவசமாகத் தவணை மாற்றித் தரும், ஆலோங் இரண்டுக்கும் மசியமாட்டான். மிரட்டல் வந்துவிட்டால் குழுவுக்கு முன் காவல் நிலையம்தான்.

தோட்டத்தில் குழுவுக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. லயத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெயர் சொல்லாமல் பேசுவது அங்கே நடக்காது. ஜாசின்காரர் வேறு ஊரில் கூடும் குழுவுக்குப் போவதே நல்லது. உறுப்பினர்களுக்குள் கடன் வாங்குவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, ஒரே ஆள் எல்லாவற்றையும் முடிவு செய்வது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விலகிவிடலாம்.

சிகிச்சைக்கும் குறை உண்டு. கிளினிக் கேசிஹாத்தானில் கட்டணம் சொற்பம், அங்கிருந்து மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். ஆனால் ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் வாரக்கணக்கில் இடைவெளி விழும். வெட்கமான விஷயத்தைத் தமிழில் சொல்ல ஆள் கிடைக்காமலும் போகலாம். தனியாரிடம் போவதானால், அவர் லெம்பாகா கவுன்செலரில் பதிந்தவரா, நடப்புச் சான்றிதழ் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அப்படியானால் யாரிடம் முதலில்? சாகலாம் என்ற நினைப்பு, கூடவே குடி, தூக்கமே இல்லாத சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர்தான் முதலில். சாகும் நினைப்பு முற்றுகிற இரவில் 15555 எண்ணை அழைக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மாத்திரைகளே சூதாட்ட வெறியைக் கிளப்பும். அதை எந்தக் குழுவும் கண்டுபிடிக்காது. இவை எதுவும் இல்லாமல், கடனும் பொய்யும் தனிமையுமே பாரமென்றால் குழுவில் தொடங்கலாம். முடிந்தால் இரண்டும் என்பேன்: முதல் சில மாதம் ஆலோசகர், ஆரம்பம் முதலே குழு, ஆலோசனை முடிந்த பிறகும் குழு.

எதில் சேர்ந்தாலும் மூன்று மாதம் கழித்து மனைவியோ அம்மாவோ அவரோடு உட்கார்ந்து வங்கிக் கணக்கையும் இ-வாலட்டையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகிறார், ஆனால் விளக்கம் இல்லாத 50, 100 வெள்ளிகள் போய்க்கொண்டே இருக்கின்றன என்றால், இதுவரை போகாத மற்ற கதவைத் தட்ட வேண்டிய நேரம் அதுதான்.