பதம் வந்ததா?

சமையல் பழகிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்டார்: “தாளிப்பு என்றால் எண்ணெயில் கடுகு போடுவதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?” கடுகு போடுவதுதான். ஆனால் எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்கும்போது, அடுத்து எது, எப்போது அடுப்பை அணைப்பது என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் அந்த ஒரு சொல்லிலேயே அடக்கிவிடுகிறார்கள். புதிதாகச் சமைப்பவருக்கு அதைப் பிரித்துத்தான் சொல்லவேண்டும்.

முதலில் எண்ணெய் காயவேண்டும். இரண்டு கடுகைப் போட்டுப் பாருங்கள். உடனே துள்ளினால் காய்ந்துவிட்டது. கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதுதான் அந்தப் படபடப்பு. காயாத எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்காமல் அப்படியே கிடந்து வறளும், சட்னியில் பல்லில் பட்டால் கசக்கும். படபடப்பு அடங்கத் தொடங்கும்போது உளுத்தம்பருப்பு. அது லேசாக நிறம் மாறும்போது மிளகாய் வற்றல், பிறகு பெருங்காயம், கடைசியாகக் கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பருப்பு சிவப்பதற்குள் மிளகாய் கறுத்து, வீடு முழுக்க இருமல்தான். பருப்பு பொன்னிறத்துக்குச் சற்று முன்னாலேயே அணைத்துவிடுங்கள். மிச்சத்தைச் சூடான எண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

பொரியலுக்கும் உப்புமாவுக்கும் தாளித்துத்தான் தொடங்குகிறோம். ரசத்துக்குக் கடைசியில் நெய்யில் தாளித்துக் கொட்டி, கொட்டிய கையோடு மூடிவிடுகிறோம், வாசனை உள்ளேயே தங்கட்டும் என்று. அவியலுக்குத் தாளிப்பே வேண்டாம்: இறக்கியதும் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடினால் போதும். அதிலும் கடுகு வெடிக்கவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

தாளிப்பையாவது காதால் கேட்டுப் பழகிவிடலாம். ‘பதம்’ அப்படியல்ல, அதை விரலால்தான் அறியவேண்டும். சோற்றுக்கு ஒரு பதம், இட்லி மாவுக்கு ஒரு பதம், அல்வாவுக்கு வேறொன்று. எல்லாவற்றிலும் கண்டிப்பானது பாகுப் பதம். அதிரசத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பினால் அதிரசம் மறைக்காமல் காட்டிக்கொடுத்துவிடும்.

1 கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் பரப்பி, தொட்டால் கையில் ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலிக்கவேண்டும். காய்ந்த கடைமாவில் அதிரசம் வராது. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் விடும் சொட்டு தண்ணீரில் கரைந்துபோகும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றிப் பாகின் சூடு ஏறும். சிறிது ஆறிய துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் இழை நீளும். அது கம்பிப் பதம். மைசூர்பாகுக்கு அது போதும், அதிரசத்துக்குப் போதாது. தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் அடுப்பை விட்டு நகரக்கூடாது. அடுத்தடுத்து விடும் சொட்டுகளில் ஒன்று கரையாமல் கிண்ணத்தின் அடியில் படியும். விரலால் கூட்டினால் உருளும், உள்ளங்கையில் வைத்தால் மெதுவாகத் தட்டையாகும். அந்த உருட்டுப் பதம்தான் நமக்கு வேண்டியது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ் காட்டும். கொஞ்சம் அசந்தால் உருண்டை கெட்டிப்பட்டு, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். கடலை உருண்டை பிடிப்பவர் காத்திருப்பது அந்தச் சத்தத்துக்கு. உங்களுக்கு அது கேட்டால், ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைத்துப் பதம் பார்க்கலாம். மாவு சேர்த்த பிறகு அந்த வசதி கிடையாது.

இறக்கி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். இரண்டு கைப்பிடி மாவைத் தனியே எடுத்துவையுங்கள். கிளறும்போது மாவு தளரத்தான் இருக்கும். பயந்து எல்லா மாவையும் கொட்டுவதுதான் பலரும் செய்வது. ஒரு நாள் மூடிவைத்தால் அதுவே இறுகிவிடும்.

மறுநாள் முதலில் ஒன்றை மட்டும் தட்டி, மிதமான சூட்டில் எண்ணெயில் போடுங்கள். ஓரம் பிரிந்து எண்ணெயில் கரைந்தால் பாகு இளம் பதத்திலேயே இறங்கிவிட்டது. எடுத்துவைத்த மாவைச் சேர்த்துப் பிசைந்தால் ஓரளவு தேறும். தட்டும்போதே விளிம்பு வெடித்தால் பாகு முற்றிவிட்டது. வெதுவெதுப்பான பாலைத் தெளித்துப் பிசைந்து பார்க்கலாம். முழுசாக மேலே எழும்பி, சிவந்து, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தும்போது எண்ணெயைக் கக்கினால், மிச்ச மாவையும் தைரியமாகத் தட்டுங்கள்.