பீமில் குழாய்க்கு வழி: சங்ககிரியிலும் கொழும்பிலும்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிறவர்களிடம் சேஸிஸில் எங்கே துளை போடலாம் என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும். சேனலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கை வைக்கக் கூடாது. துளை வேண்டுமென்றால் நடுத் தகட்டில்தான். இந்த அறிவு சரியானது. போல்ட் துளை அளவுக்கு அதற்கு மேல் யோசிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அதே பட்டறைக்காரர்கள் ஷெட்டுக்கும் மில்லுக்கும் மாடிக்கும் ஐ பீம் போடும்போது இந்த அறிவை நீட்டித்துக்கொள்கிறார்கள். நடுத் தகடுதானே என்று, குளிர்காற்றுக் குழாய்க்கோ கேபிள் தட்டுக்கோ ஒரு முழம் நீளச் சதுரத்தை கேஸ் கட்டரால் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அங்கே கணக்கு முற்றிலும் வேறு.

நடுத் தகட்டின் முதல் வேலை வெட்டு விசையைக் கடத்துவது. அதை நீளமாக வெட்டி எடுத்ததும், அந்த இடத்தில் பீம் ஒரே உறுப்பாக இருப்பதில்லை. மேலே ஒரு டீ, கீழே ஒரு டீ, இரு ஓரத்திலும் முழுத் தகடு என்று மூலைவிட்டக் கம்பி இல்லாத ஒரு சட்டகமாகிவிடுகிறது. பெல்ஜியப் பொறியாளர் ஆர்தர் வீரண்டீல் 1890-களில் முன்வைத்த பாலச் சட்டகம் இதே வகை. அதனால்தான் இப்படிப்பட்ட துளையில் வரும் வளைவுக்கு அவர் பெயர். வெட்டு விசை துளையைத் தாண்டிப் போக வேண்டுமானால், இரண்டு டீக்களும் தனித்தனியே எஸ் வடிவில் வளைந்தாக வேண்டும். துளையின் நான்கு மூலைகளிலும் அந்த வளைவு உச்சத்தில் இருக்கும். சதுரம் சாய்சதுரமாகச் சரியும். எதிரெதிர் மூலைகள் இரண்டு இழுபடும், மற்ற இரண்டு நசுங்கும்.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் நீளமுள்ள ஐ.எஸ்.எம்.பி. 400 பீம். பாதுகாப்புக் காரணிகள் சேர்த்து மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் சுமை. தாங்கியிலிருந்து 1.2 மீட்டரில் 200 மி.மீ. உயரம், 400 மி.மீ. நீளத்துக்கு ஒரு துளை. அங்கே வெட்டு விசை 54 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஐந்தரை டன். அதைத் துளையின் நீளத்தால் பெருக்கினால் 21.6, நான்கு மூலைக்கும் பங்கிட்டால் மூலைக்கு 5.4 கிலோநியூட்டன் மீட்டர். பீமின் மொத்த வளைவோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் அதைத் தாங்கப்போவது 100 மி.மீ. உயரமுள்ள ஒரு டீ. அதன் தகட்டு விளிம்பில் இந்த உள்வளைவு மட்டும் சதுர மி.மீ.-க்கு 227 நியூட்டன் தகைவைத் தருகிறது. பீமின் பொது வளைவால் வரும் 81-ஐயும் சேர்த்தால் 308. சாதாரண 250 தர எஃகுக்கு நம் விதித்தொகுப்பு தருவது 227 மட்டுமே. துளை இல்லாத பீமுக்கு இந்தச் சுமை பெரிதே இல்லை.

இனி இலங்கைக்கு வருவோம். அங்கே கட்டுமான உருக்குப் பிரிவுகள் பெரும்பாலும் இறக்குமதி. பொறியியலாளர்கள் நெடுங்காலம், 2010 வரை பிரித்தானிய விதித்தொகுப்பாக இருந்த பி.எஸ். 5950-இல் பழகியவர்கள். இதே ஆழத்தில் அவர்கள் எடுக்கக்கூடிய ஒரு பிரித்தானியப் பிரிவு 406×140×46. நம் பீம் மீட்டருக்குச் சுமார் 61.5 கிலோ, அது 46 கிலோ. நடுத் தகடு நம்முடையது 8.9 மி.மீ., அதனுடையது 6.8. அதே துளையை அதே இடத்தில் போட்டால் தகைவு 387 வரை போகிறது. அங்கே அனுமதி 275. ஆகவே இரண்டு பீமும் தோற்கின்றன, ஏறத்தாழ ஒரே விகிதத்தில். "நம்ம பீம் கனமானது, தாங்கும்" என்று இங்கே அடிக்கடி கேட்கிறேன். அந்த நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

உண்மையான வித்தியாசம் விதியில் இருக்கிறது. வலுவூட்டாத துளையை எப்போது கணக்கில்லாமல் விடலாம் என்று பி.எஸ். 5950 எழுதியே வைத்திருக்கிறது. துளை வட்டமாக இருக்க வேண்டும். பீமின் ஆழத்தில் நடு மூன்றிலொரு பங்குக்குள், நீளத்தில் நடுப்பாதிக்குள் அமைய வேண்டும். இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு இடைவெளி வேண்டும். சுமை சீராகப் பரவியிருக்க வேண்டும். இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. அதில் பழகியவருக்குக் குழாய்ப் பாதை வரைபடத்திலேயே முடிவாக வேண்டிய விஷயம். நம் ஐ.எஸ். 800: 2007-இல் அப்படி முழுமையான வழிகாட்டல் கிடைக்காது. பெரிய நிறுவனங்கள் அமெரிக்க, பிரித்தானியக் கையேடுகளை எடுத்துக்கொள்கின்றன. சிறு ஊர்ப் பட்டறைக்கு அது போய்ச் சேருவதில்லை. பீம் ஏற்றிய பிறகு மின்வேலைக்காரர் வந்து நின்று வழி கேட்கிறார். கொழும்பிலும் சிறு வேலைகளில் இப்படி நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே மறுப்பதற்குக் கையில் ஒரு பக்கம் இருக்கிறது.

அந்த விதியின் உள்ளே இருக்கும் நியாயத்தை நம் பீமிலேயே பார்க்கலாம். அதே செவ்வகத் துளையை 1.2 மீட்டரிலிருந்து 2.4 மீட்டருக்கு நகர்த்துங்கள். பொது வளைவு கூடுகிறது, ஆனால் வெட்டு விசை மூன்றில் ஒன்றாகிறது. மொத்தத் தகைவு 308-இலிருந்து 197-க்கு இறங்கி, ஒரு தகடுகூட ஒட்டாமல் பீம் தேறிவிடுகிறது. வளைவு குறைவென்று தாங்கிக்கு அருகே துளை போடும் பழக்கம் எவ்வளவு தலைகீழானது என்பது இங்கே தெரியும். இன்னொன்று வட்டம். 200 மி.மீ. வட்டத் துளையை, இந்த வளைவைப் பொறுத்தவரை, விட்டத்தில் 0.45 பங்கு நீளமுள்ள செவ்வகமாகவே பிரித்தானியக் கையேடுகள் எடுத்துக்கொள்கின்றன. அதாவது 90 மி.மீ. நம் 400-உடன் ஒப்பிட்டால் உள்வளைவு கால் பங்குக்கும் கீழே. காற்றுக் குழாயை வட்டமாக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இடமும் வடிவமும் மாற்ற முடியாதபோதுதான் வலுவூட்டல். இங்கேதான் நம் பக்கத்துத் தவறு மிக அதிகம். துளையின் இருபுறமும் செங்குத்தாகத் தகடு ஒட்டிவிட்டு ஸ்டிஃப்னர் போட்டாயிற்று என்கிறார்கள். பீம் தாங்கியில் உட்காரும் இடத்தில் அதைப் பார்த்துப் பழகியதால் வந்த கை. நம் சிக்கலோ டீயின் வளைவு. செங்குத்துத் தகடு அந்த டீயை ஒரு துளியும் தடிமனாக்காது. வேண்டியது துளையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் படுக்கையாகச் செல்லும் பட்டை. நம் பீமில் நடுத் தகட்டின் ஒரே பக்கத்தில், துளை விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி, 50×8 பட்டையை மேலொன்று கீழொன்றாக ஒட்டினால் 308 என்ற தகைவு சுமார் 188 ஆகிறது. இருபக்கமும் ஒட்டினால் 146.

பட்டை துளையோடு நின்றுவிடக் கூடாது. உச்ச வளைவு மூலையில்தான். அங்கே வரும்போது பட்டையில் முழு விசையும் ஏறியிருக்க வேண்டும். அந்த விசை வெல்டிங் வழியாக நடுத் தகட்டுக்குப் போக நீளம் தேவை. 400 மி.மீ. துளைக்கு இருபுறமும் 150 மி.மீ. நீட்டி, 700 மி.மீ. பட்டையாக வெட்டி, மேல் கீழ் இரு விளிம்பிலும் 6 மி.மீ. வெல்டு ஓட்டினால் போதுமானது.

வெட்டும் முறையும் முக்கியம். கேஸ் கட்டரால் நேராக மூலை வரை இழுத்தால் இரண்டு வெட்டும் ஒன்றையொன்று தாண்டி ஒரு கீறலை விடும். விரிசல் அங்கிருந்தே புறப்படும். முதலில் நான்கு மூலையிலும் 40 மி.மீ. வட்டத் துளை போட்டு, பிறகு அவற்றுக்கு நடுவே வெட்டி, ஓரத்தைக் கிரைண்டரால் தேய்க்க வேண்டும். ஏற்கெனவே வெட்டிய பீம்களில் மூலைகளைப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் பெயின்ட் செதிலாக உதிர்ந்திருந்தாலோ, துளையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து நீளம் வேறுபட்டாலோ டீக்கள் வளையத் தொடங்கியிருக்கலாம். அப்போது பட்டை ஒட்டுவதற்கு முன் பீமுக்குக் கீழே முட்டுக் கொடுத்து ஜாக்கியால் சுமையை இறக்க வேண்டும். சுமை ஏறியபடியே ஒட்டினால், ஏற்கெனவே டீயில் உட்கார்ந்த தகைவில் பட்டை பங்கெடுக்காது. பின்னால் வரும் சுமையை மட்டுமே தாங்கும். வெல்டிங் சூட்டில் அந்த மூலை தற்காலிகமாக இன்னும் பலவீனப்படும்.