‘கு’வும் டேட்டிவும் ஒன்றல்ல

ஜெர்மன் வகுப்புகளில் இப்போது ஓர் அட்டவணை பரவிவருகிறது. எழுவாய் என்றால் நாமினேட்டிவ், ‘ஐ’ என்றால் அக்குஸேட்டிவ், ‘கு’ என்றால் டேட்டிவ், ‘உடைய’ என்றால் ஜெனிட்டிவ். எட்டு வேற்றுமை கண்ட நமக்கு நான்கு வேற்றுமை எம்மாத்திரம் என்று முதல் நாளே பலகையில் எழுதிப்போட்டுவிடுகிறார்கள். அண்மையில் ஆசிரியர்கள் சிலர் கூடிய இடத்தில் மூத்தவர் ஒருவர் இதை உறுதியாக ஆதரித்துப் பேசினார். ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப்போகாமல் தாய்மொழியிலிருந்தே ஜெர்மனுக்குப் போகலாம் என்பது அவர் வாதம். நோக்கத்தில் குறையில்லை. அட்டவணையின் மூன்றாவது வரியோடுதான் பல ஆண்டுகளாக எனக்குச் சண்டை.

அட்டவணை நன்றாக வேலை செய்யும் இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அது மூவிடப் பெயர்கள். நான், என்னை, எனக்கு என்பது ஜெர்மனில் இஷ், மிஷ், மீர். நீ, உன்னை, உனக்கு என்பது டூ, டிஷ், டீர். அவன், அவனை, அவனுக்கு என்பது ஏர், ஈன், ஈம். ‘நான்’ என்பது வேற்றுமை ஏற்கும்போது ‘என்’ என்று உருமாறுவது நமக்குப் பழக்கம். அதனால் இஷ் என்பது மிஷ் ஆவதைக் கண்டு தமிழ் மாணவர் திகைப்பதில்லை. என்னை, எனக்கு இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். ஆங்கிலம் பேசுகிறவர் மிஷ், மீர் இரண்டையும் பிரித்தறியப் படும் பாடு நமக்கு இல்லை. ‘மீர் இஸ்ட் கால்ட்’ என்றால் எனக்குக் குளிருகிறது. இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், கேட்டதும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆர்ட்டிக்கிளுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. தமிழில் உருபு பெயரின் வாலில் ஒட்டும். முன்னால் நிற்கும் ‘அந்த’ அசையாது. அந்த மனிதன், அந்த மனிதனை, அந்த மனிதனுக்கு. ஜெர்மனில் பெரும்பாலும் மனிதன் அசையமாட்டான், ‘அந்த’தான் மாறும். டேர் மன், டேன் மன், டேம் மன். ‘டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மன்’ என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. இதையே ‘டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட்’ என்று புரட்டிப்போட்டாலும் கடிபடுகிறவன் மனிதன்தான். ‘மனிதனை நாய் கடிக்கிறது’ என்று நாம் புரட்டிச் சொல்வது போலத்தான் இதுவும். யார் கடித்தது, யார் கடிபட்டது என்ற முழுச் செய்தியும் டேர், டேன் என்ற இரண்டு குறுஞ்சொற்களில் இருக்கிறது. ‘என்’ என்பதற்கும் இதே கதி. ‘என் அப்பாவை, என் அப்பாவுக்கு’ என்னும்போது நம் ‘என்’ அப்படியே இருக்கிறது. ஜெர்மனில் அது மைன் ஃபாட்டர், மைனென் ஃபாட்டர், மைனெம் ஃபாட்டர். பலகையில் ‘ஐ’யையும் ‘கு’வையும் பார்த்த மாணவர் பெயரின் வாலையே பார்த்துக்கொண்டிருப்பார், மாற்றமோ அதன் தலையில் நடக்கிறது.

அங்கும் பால் தெரிந்தால்தான் வழி தெரியும். ஆண்பாலில் டேர், டேன், டேம், டெஸ் என்று நான்கும் தனித்தனி. பெண்பாலில் டீ, டீ, டேர், டேர் என்று இரண்டே வடிவம். அஃறிணைப் பாலில் டாஸ், டாஸ், டேம், டெஸ். பன்மையில் டீ, டீ, டேன், டேர். கட்டங்கள் பதினாறு என்றாலும் சொற்கள் ஆறுதான். நாமினேட்டிவுக்கும் அக்குஸேட்டிவுக்கும் வித்தியாசம் கண்ணில் படுவது ஆண்பாலில் மட்டுமே. ஆனால் அந்த ஓரிடத்தில் ஜெர்மன் கறார். ‘காபி குடிக்கிறேன்’ என்று ‘ஐ’யை விட்டுவிட்டு நாம் பேசுவோம். அந்தப் பழக்கத்தில் மாணவர் ‘அய்ன் கஃபே’ என்கிறார். கஃபே ஆண்பால், ‘இஷ் ட்ரிங்கெ அய்னென் கஃபே’ என்றால்தான் சரி. கிழமைப்பொருள் தரும் ஜெனிட்டிவை இங்கே ஒரு வரியில் முடித்துவிடலாம். ‘மனிதனுடைய வீடு’ என்பது ‘டாஸ் ஹவுஸ் டெஸ் மன்னெஸ்’. உடைமை முன்னும் உடையவன் பின்னும் வரும், இங்கே பெயரும் ஒரு வால் பெறும். அன்றாடப் பேச்சில் பலர் இதை விட்டு ‘ஃபோன்’ என்ற முன்னிடைச்சொல்லோடு டேட்டிவைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

இனி ‘கு’. தமிழர் பலர் ஜெர்மனிக்குச் செவிலியர் வேலைக்குப் போகத் தயாராகிறார்கள். என் வகுப்பிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒரு பெண்ணின் பயிற்சிநோட்டில் இருந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘நோயாளிக்குச் சூப்பை அறைக்குக் கொண்டுபோகிறேன்’ என்பதை ஜெர்மனில் எழுத வேண்டும். நோயாளி ஒரு பெண். அவர் எழுதியது இது: ‘இஷ் பிரிங்கெ டேர் பட்ஸியென்டின் டீ ஸுப்பெ இன் டேம் ட்ஸிம்மர்.’

முதல் பாதி அருமை. ‘நோயாளிக்கு’ என்பது கொடை பெறுபவர். பெண்பால் டேட்டிவ் டேர் சரி. ‘சூப்பை’ என்பதற்கு டீ சரி. பிழை ‘அறைக்கு’ என்ற சொல்லில் இருக்கிறது. அட்டவணை சொன்னபடி ‘கு’வைக் கண்டதும் டேட்டிவான டேம் என்பதைப் போட்டுவிட்டார். வர வேண்டியது ‘இன் டாஸ் ட்ஸிம்மர்’, அதாவது அக்குஸேட்டிவ். பேச்சில் இன்ஸ் ட்ஸிம்மர் என்று சுருங்கும். அவர் எழுதிய ‘இன் டேம் ட்ஸிம்மர்’ பொருளற்ற தொடரில்லை. அதற்கு ‘அறையில்’ என்று பொருள். அறைக்கு வெளியிலிருந்து சூப் உள்ளே போவதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

இந்த ஒரு சொல்லில் அட்டவணை தலைகீழாகிறது. இன், அவுஃப், உன்டர் முதலாக ஒன்பது முன்னிடைச்சொற்கள் இப்படி இரண்டு வேற்றுமைகளை ஏற்கும். எங்கே போகிறது என்றால் அக்குஸேட்டிவ், எங்கே இருக்கிறது என்றால் டேட்டிவ். தமிழிலோ போகிற இடத்துக்குத்தான் ‘கு’, இருக்கிற இடத்துக்கு ‘இல்’. ஆக, நம் ‘அறைக்கு’ அக்குஸேட்டிவிலும், நம் ‘அறையில்’ டேட்டிவிலும் போய் உட்காருகின்றன. ‘கு’ என்றால் டேட்டிவ் என்று மனத்தில் பதித்தவருக்கு ஒவ்வொரு முறையும் சரியாக எதிர்த்திசையில் கை போகும். அறியாமல் வரும் தவறு என்றால் பாதி நேரமாவது தற்செயலாகச் சரியாகும். இது அட்டவணை கற்றுக்கொடுத்த தவறு, அதனால் தப்பாமல் வருகிறது.

மூத்தவர் இதற்கு ‘ட்ஸூ’ என்ற சொல்லைக் காட்டினார். பள்ளிக்குப் போகிறேன் என்பது ‘ட்ஸூ டேர் ஷூலெ’; திசையும் உண்டு, டேட்டிவும் உண்டு. உண்மை. ஆனால் ‘ட்ஸூ’ எப்போதும் டேட்டிவையே கேட்கும் சொல். திசை காட்டுவதால் அது டேட்டிவ் கேட்கிறது என்று கொள்ள இடமில்லை. ‘மிட்’ என்றால் ‘ஓடு’, ‘ஃபோன்’ என்றால் ‘இருந்து’. இவையும் டேட்டிவைத்தான் கேட்கின்றன. அப்பாவோடு என்பது மிட் டேம் ஃபாட்டர், அப்பாவிடமிருந்து என்பது ஃபோன் டேம் ஃபாட்டர். இவற்றில் ‘கு’ எங்கே இருக்கிறது? பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியில் கருவிக்கும் நீங்கலுக்கும் இடத்துக்கும் தனித்தனி வேற்றுமைகள் இருந்தன. ஜெர்மானியக் கிளையில் அவை மறைந்தபோது அவற்றின் வேலைகளில் பெரும்பகுதி டேட்டிவிடம் வந்துசேர்ந்தது. நம் கணக்கில் சொன்னால் மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்த வீட்டின் வாசலில் ‘கு’ என்று மட்டும் பலகை மாட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

வினைச்சொற்களிலும் இதே ஏமாற்றம்தான். ‘அவனுக்கு உதவுகிறேன்’ என்பது ‘இஷ் ஹெல்ஃபெ ஈம்’, பொருந்துகிறது. அந்தத் தைரியத்தில் ‘அவனுக்கு போன் பண்ணுகிறேன்’ என்பதற்கும் ஈம் போடுகிறார்கள். ஆனால் ‘இஷ் ரூஃபெ ஈன் ஆன்’ என்பதே சரி. ஜெர்மன்காரருக்கு அது ‘அவனை அழைக்கிறேன்’. ‘அவனிடம் கேட்கிறேன்’ என்பதில் ‘ஐ’யும் இல்லை, ‘கு’வும் இல்லை; ஜெர்மனில் அது ‘இஷ் ஃப்ராகெ ஈன்’, அக்குஸேட்டிவ். எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது என்று நாம் ‘எனக்கு’ போடும் இடங்களில் ஜெர்மன் இஷ் என்று நாமினேட்டிவில் நிற்கிறது: இஷ் வைஸ், இஷ் வில், இஷ் ஃபெர்ஷ்டேஹெ. ‘மீர் வைஸ்’ என்று மாணவர் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் அட்டவணையை மீறவில்லை. அதை முழுக்க நம்பினார்.

தொடக்கநிலை மாணவருக்கு ஏதாவது ஊன்றுகோல் வேண்டாமா என்பது மூத்தவரின் கடைசிக் கேள்வி. வேண்டும், அது ஜெர்மனுக்குள்ளேயே கிடைக்கிறது. டேன், அய்னென், மைனென், ஈன், ‘யாரை’ என்று கேட்கும் வேன் ஆகிய ஆண்பால் அக்குஸேட்டிவ் சொற்கள் எல்லாம் ‘ன்’ என்று முடிகின்றன. டேம், அய்னெம், மைனெம், ஈம், ‘யாருக்கு’ என்னும் வேம் ஆகிய டேட்டிவ் சொற்கள் எல்லாம் ‘ம்’ என்று முடிகின்றன. வாயைத் திறந்து முடித்தால் ஒன்று, உதட்டை மூடி முடித்தால் மற்றொன்று. அய்னென், அய்னெம் இரண்டையும் பத்து முறை சத்தமாகச் சொன்னால் போதும், வேறுபாடு உதட்டில் நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு வினையையும் அதன் ‘ன்’ அல்லது ‘ம்’ சேர்த்தே மனப்பாடம் செய்யலாம். ஹெல்ஃபென் என்று தனியாக நோட்டில் எழுதாமல் ‘ஈம் ஹெல்ஃபென்’ என்றும், ஃப்ராகென் என்று எழுதாமல் ‘ஈன் ஃப்ராகென்’ என்றும் எழுதினால், தமிழ்ப் பொருளில் என்ன உருபு வருகிறது என்று யோசிக்கும் வேலையே இல்லை. முன்னிடைச்சொற்களுக்கும் அப்படித்தான். மிட் டேம், ஃபோன் டேம், ஃபூர் டேன்.

அந்தப் பெண்ணின் நோட்டில் அன்று ‘டேம்’ என்பதை அடித்து ‘டாஸ்’ என்று எழுதினேன். ஏன் சார், அறைக்குத்தானே கொண்டுபோகிறேன் என்று கேட்டார். அதனால்தான் அம்மா என்று சொல்லிவிட்டு, பலகையில் ஒரு கதவு வரைந்தேன். சூப் கதவைத் தாண்டினால் டாஸ், கதவுக்குள்ளேயே இருந்தால் டேம். அடுத்த வரியை அவரே எழுதினார்: ‘டீ ஸுப்பெ ஷ்டேட் இன் டேம் ட்ஸிம்மர்.’ சூப் அறையில் இருக்கிறது.