தசைக்கோட்டுக்குக் கீழே

சிறுகுடல் ஸ்லைடைக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்ததும் கண் நேராகக் குடலுறிஞ்சிகளிடம்தான் போகிறது. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரைதான் உயரம். ஊதா உட்கருக்கள் ஓரமாக வரிசை கட்டி நிற்க, நடுவே வெளிறிய இளஞ்சிவப்புத் திசு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காது. ஆனால் இது டியோடினமா, ஜெஜுனமா, இலியமா என்று சொல்ல வேண்டுமானால் இந்த அழகை விட்டுக் கண்ணைக் கீழே இறக்க வேண்டும்.

இறங்கும் வழியில் லீபர்கூன் குழிகள் வரும். குடலுறிஞ்சிகளின் அடிவாரத்திலிருந்து உள்நோக்கிப் போகும் குழாய்கள் இவை. சில இடங்களில் வெட்டு குறுக்காக விழுந்து, இரண்டுமே வட்டங்களாகத் தெரியும். அங்கே குழம்ப வேண்டாம். செல்வரிசை வெளியே, திசு உள்ளே என்றிருந்தால் அது குடலுறிஞ்சி. நடுவில் வெற்றிடம், அதைச் சுற்றிச் செல்வரிசை, அதற்கு வெளியே திசு என்றிருந்தால் அது குழி.

குழியின் அடியில் உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். பேனத் செல்கள், மேல்பக்கம் முழுக்கச் செக்கச்சிவந்த துகள்களோடு அமர்ந்திருக்கும். கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் நிறைந்த துகள்கள் அவை. அவற்றுக்கு இடையே நெருக்குண்டு மெலிந்து நிற்பவை தண்டுச்செல்கள். அங்கே பிறக்கும் செல்கள் பெரும்பாலும் மேல்நோக்கி நகர்ந்து, சில நாட்களில் குடலுறிஞ்சியின் நுனியை அடைந்து உதிர்கின்றன. பேனத் செல்கள் மட்டும் அடியிலேயே தங்கிப் பல வாரங்கள் வாழ்கின்றன.

குழிகளுக்கும் கீழே மெல்லிய தசைக்கோடு ஒன்று ஓடுகிறது. மஸ்குலாரிஸ் மியூகோசா என்பது அதுதான். அதைத் தாண்டினால் சப்மியூகோசா. விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே வெளிறிய, நுரைத்தாற்போன்ற செல்களைக் கொண்ட சுரப்பிகள் கொத்துக்கொத்தாக நிறைந்து, உட்கருக்கள் அடியில் தட்டையாக ஒதுங்கியிருந்தால் அது டியோடினம். அவை ப்ரன்னர் சுரப்பிகள். இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கும் காரச் சளியைச் சுரப்பவை. இப்பகுதியின் குடலுறிஞ்சிகள் அகன்று, இலை வடிவில் தெரியும்.

சுரப்பிக்குப் பதிலாக அடர்ஊதா நிணத்திசு முடிச்சுகள் நெருங்கிக் கூடி, தசைக்கோட்டையே உடைத்துக்கொண்டு மேலும் கீழும் பரவியிருந்தால் அது இலியம். இவை பேயர் திட்டுகள். முடிச்சு மேலெழும்பும் இடத்தில் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும், சில சமயம் இருக்கவே இருக்காது. கோப்பைச் செல்களும் இங்கே அதிகம். வழக்கமான சாயம் அவற்றின் சளியைப் பிடிக்காததால் வெள்ளைத் துளைகள் போல் தெரியும்.

பேயரும் ப்ரன்னரும் 1653-இல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர்கள். ஒருவர் 1677-இல் திட்டுகளைப் பற்றியும், மற்றவர் 1687-இல் டியோடினச் சுரப்பிகளைப் பற்றியும் எழுதினார்கள். சிறுகுடலின் இரு முனைகளும் இன்றும் அவர்கள் பெயரால்தான் அடையாளம் காணப்படுகின்றன.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஜெஜுனத்துக்குத் தனி முத்திரை கிடையாது. சப்மியூகோசாவில் சுரப்பி இல்லை, பெரிய திட்டும் இல்லை. உயர்ந்த குறுக்கு மடிப்புகளும், அவற்றின் மேல் ஒல்லியாக விரல் போல் நீண்ட குடலுறிஞ்சிகளும்தான் சாட்சி. ஆனால் டியோடினத்தின் கடைப்பகுதியிலும் ப்ரன்னர் சுரப்பிகள் அருகிவிடுகின்றன. தனி நிணமுடிச்சு ஒன்றிரண்டு எங்கும் வரலாம். ஆகவே ஒரே முடிச்சைக் கண்டு இலியம் என்பதும், சுரப்பி இல்லையென்று உடனே ஜெஜுனம் என்பதும் அவசரத் தீர்ப்பு.

இந்த எச்சரிக்கை தேர்வு மேசையோடு முடிவதில்லை. டியோடினத்திலிருந்து ஒரு பயாப்சி வந்திருக்கிறது என்று வையுங்கள். குடலுறிஞ்சிகள் குட்டையாக இருக்கின்றன. கோதுமையின் க்ளூட்டனால் வரும் சீலியாக் நோயோ என்று தோன்றும். முதலில் கீழே பாருங்கள். அந்த இடத்தின் அடியில் ப்ரன்னர் சுரப்பிகள் திரண்டிருந்தாலோ, நிணமுடிச்சு இருந்தாலோ, மேலுள்ளவை இயல்பாகவே குட்டைதான். அதை விட்டு, நேராக வெட்டப்பட்ட வேறிடத்துக்கு நகருங்கள். அங்கே குடலுறிஞ்சியின் உயரம் குழியின் ஆழத்தைப்போல் மும்மடங்கோ அதற்கு மேலோ இருந்து, செல்வரிசைக்குள் நிணச்செல்கள் மிகாமலும் இருந்தால், முதலில் கண்ட குட்டையை நோயென்று எழுதக் கூடாது. அங்கேயும் உயரம் குன்றி, குழிகள் நீண்டு, நிணச்செல்கள் மொய்த்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் முடிவு சொல்ல முடியும், ஏனென்றால் வேறு சில நோய்களும் இதே தோற்றத்தைத் தரும்.