ஆரஞ்சுத் தோலும் தேக்குத் தூணும்

பேரம் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் உலகத்தில் அதிகம் படிக்கப்பட்டது 'கெட்டிங் டு யெஸ்'. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ரோஜர் ஃபிஷரும் மானுடவியல் படித்த வில்லியம் யூரியும் சேர்ந்து 1981இல் எழுதியது. எங்கள் ஐ.டி. கம்பெனிகளில் மேனேஜர் ஆனதும் கையில் திணிக்கப்படும் புத்தகங்களில் இதுவும் ஒன்று. எனக்கும் அப்படித்தான் வந்தது. போன வருடம் வரை அதை நம்பினேன். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கைக்கு நெற்குப்பையில் ஒரு வீட்டின் வளவில் என்ன ஆனது என்பதைப் பற்றியது.

புத்தகத்தில் வரும் ஆரஞ்சுக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு குழந்தைகள் ஒரு ஆரஞ்சுக்குச் சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கின்றன. ஒன்று சுளையைத் தின்றுவிட்டுத் தோலை எறிகிறது. இன்னொன்று கேக் செய்யத் தோலை எடுத்துக்கொண்டு சுளையை எறிகிறது. 'உனக்கு எதுக்கு வேணும்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருத்திக்கு முழுச் சுளை, மற்றவளுக்கு முழுத் தோல். முதல் வகையைப் பங்கிடும் பேரம் என்றும் இரண்டாவதை இணைக்கும் பேரம் என்றும் சொல்லலாம். இந்தப் பிரிவினையைக் கோட்பாடாக வகுத்தவர்கள் வால்டனும் மெக்கர்சியும், 1965இல், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளை வைத்து. அவர்களுக்கும் நாற்பது வருடம் முன்னால் மேரி பார்க்கர் ஃபாலெட் ஒரு நூலக ஜன்னலை வைத்து இதே கருத்தைச் சொல்லிவிட்டார். ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவருக்குக் காற்று வந்தது, இன்னொருவர் மேல் வாடை அடிக்கவில்லை.

ஆரஞ்சுக் கதைக்குப் பக்கத்து ஓரத்தில் நான் பென்சிலால் 'ஆமா!' என்று எழுதி வைத்திருந்தேன்.

*

காரைக்குடியில் என்னோடு எஞ்சினியரிங் படித்த நண்பனின் பூர்வீக வீடு நெற்குப்பையில். சோமலெ பிறந்த ஊர். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு தெரியும்: முகப்பு, நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றிப் பர்மா தேக்குத் தூண்கள், வரிசையாக அறைகள், பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை உண்டு, வளவு எல்லோருக்கும் பொது. அதாவது அந்த வீட்டைக் கட்டியபோதே எதைப் பங்கிடலாம், எதைப் பங்கிட முடியாது என்று தீர்மானித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். சிக்கலும் அதிலிருந்துதான் வருகிறது. அறைகளைப் பிரிக்கலாம். வளவைப் பிரித்தால் அது வளவு இல்லை.

நண்பனுடைய ஐயா, அதாவது தாத்தா, தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் 1998இல் போய்ச் சேர்ந்தார். மூன்று மகன்கள். மூத்தவர், நண்பனின் பெரியப்பச்சி, எழுபத்தாறு வயதில் அங்கேயே இருக்கிறார். நடு மகன் இறந்துவிட்டார், அவர் மனைவி மதுரையில். அவரை மதுரை ஆச்சி என்று சொல்கிறேன். கடைசி மகனின் பிள்ளைதான் என் நண்பன், சிங்கப்பூரில்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணும் கதவும் விற்கிற கடைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாமான்கள் எங்கிருந்தாவது வர வேண்டுமே. ஒரு வியாபாரி இந்த வீட்டுக்கும் வந்தார். பிரித்தெடுக்கும் மரம், கல், அடிமனை எல்லாம் சேர்த்து 72 லட்சம். மூன்று பங்கு, ஆளுக்கு 24.

மதுரை ஆச்சி விற்கலாம் என்றார். பெரியப்பச்சி முடியாது என்றார். நண்பன் என்னைக் கூப்பிட்டான். 'நீதான் அந்தப் புத்தகமெல்லாம் படிச்சிருக்கியே, வாடா' என்றான். போனேன்.

புத்தகம் சொன்னபடியே செய்தேன். நிலைப்பாட்டை விடுங்கள், உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள் என்று வளவில் உட்காரவைத்துக் கேட்டேன். பதில்கள் அற்புதமாக வந்தன. பெரியப்பச்சிக்குப் பணம் வேண்டாம், கடைசி வரை இங்கே இருக்க வேண்டும். நண்பனுக்குப் படைப்புக்கு வரவும், பின்னால் மகள் கல்யாணத்தை நடத்தவும் வீடு நிற்க வேண்டும். மதுரை ஆச்சிக்கு வீட்டின் மேல் பெரிய பிடிப்பு இல்லை. மகனுடைய கடன் கழுத்தை நெரிக்கிறது. 'ஆடிக்குள்ள கையில வந்துட்டாப் போதும் தம்பி' என்றார்.

சுளை ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு. ஆச்சியின் பங்கை நண்பன் வாங்கிக்கொண்டால் வீடு நிற்கும், பெரியவர் இருப்பார், ஆச்சிக்குப் பணம் கிடைக்கும். நண்பன் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தான், அவன் அதிகபட்சம் 40 லட்சம் வரை போவான் என்று. ஆச்சிக்கு 24க்குக் குறையாமல் வேண்டும், வியாபாரியே அதைத் தருகிறாரே. இடையில் 16 லட்சம். காலையில் அந்த 16 லட்சம் இல்லை, மதியம் இருந்தது. மொத்தத்தைப் பெரிதாக்குவது என்றால் இதுதான்.

இது எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். மூவருக்கும் பொதுவான ஆசையிலிருந்து வரவில்லை. பேரம் பற்றிப் பேசுகிறவர்கள் 'பொதுவான நலன்' என்று மந்திரம் போல் சொல்வார்கள். அன்று வளவில் பயன்பட்டது வித்தியாசம்தான். ஒருவருக்கு இப்போதே பணம், ஒருவருக்கு இருபது வருடம் கழித்து ஒரு கல்யாணம், ஒருவருக்கு மிச்ச நாட்கள். மூவரும் பணத்தையே சமமாக விரும்பியிருந்தால் 72ஐ மூன்றால் வகுப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

*

சாயங்காலம் நண்பன் 25 லட்சம் என்றான். ஆச்சி கொஞ்ச நேரம் தூணைப் பார்த்தபடி இருந்துவிட்டு, சரி என்றார்.

பதினாறில் ஆச்சிக்கு ஒன்று, நண்பனுக்குப் பதினைந்து. ராத்திரி மொட்டை மாடியில் அவனிடம் கேட்டேன், பாதி பாதி என்றால் 32 வருமே என்று. 'அவங்களே சரின்னுட்டாங்களேடா' என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் 30 கொடுக்கலாம் என்று நினைத்தவன், 'ஆடிக்குள்ள' என்ற சொல்லைக் கேட்ட பிறகு 25க்கு வந்தான். அந்தச் சொல்லை ஆச்சியின் வாயிலிருந்து பிடுங்கியவன் நான்.

புத்தகத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. மனம் திறந்து பேசினால்தான் மொத்தம் பெரிதாகும். அப்படித் திறந்தவர்தான் பங்கிடும்போது மாட்டிக்கொள்வார். இதை டேவிட் லாக்ஸும் ஜேம்ஸ் செபீனியஸும் 1986இல் பேரம் பேசுகிறவரின் இக்கட்டு என்றே பெயரிட்டு எழுதினார்கள். உருவாக்குவதும் எடுத்துக்கொள்வதும் இரண்டு தனிப் பேரங்கள் அல்ல, ஒரே பேச்சின் இரண்டு பக்கம் என்பது அவர்கள் வாதம். ஃபிஷரும் யூரியும் இதற்குத் தரும் மருந்து, புறநிலையான ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள் என்பது. எங்களிடம் அளவுகோல் இருந்தது: வியாபாரி சொன்ன விலை. அது 24. அதாவது அந்த நேர்மையான அளவுகோல், புதிதாக உருவான பதினாறில் ஆச்சிக்கு ஒரு பைசாகூடத் தராது. சந்தை விலை, சந்தையில் இல்லாத ஒன்றை எப்படிப் பங்கிடும்? பங்கிடும் பகுதியை இந்தப் புத்தகம் குறைத்து மதிப்பிடுகிறது என்று ஜேம்ஸ் ஒயிட் 1984லேயே ஒரு விமர்சனம் எழுதினார். அப்போதே அதைப் படித்திருக்கலாம்.

என்ன செய்திருக்க வேண்டும்? இப்போது தோன்றுவது, வரிசையை மாற்றியிருக்க வேண்டும். முதலில் ஆச்சியின் அவசரத்தைத் தீர்த்திருக்க வேண்டும். வீட்டோடு சம்பந்தப்படுத்தாமல் நண்பன் ஒரு கைமாற்று கொடுத்திருந்தால் ஆடி என்ற கெடு போயிருக்கும். அடுத்து, எவ்வளவு மிஞ்சினாலும் பாதி பாதி என்று முதலில் பேசிக்கொண்டு, அதற்குப் பிறகு மனம் திறக்கச் சொல்லியிருக்கலாம். பங்கிடும் விதி முன்னால், வெளிப்படை பின்னால். நான் தலைகீழாகச் செய்தேன்.

*

மொத்தம் பெரிதாகவே ஆகாத இடங்களும் உண்டு. காவிரி. 2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. குறைந்த 14.75ம் அப்படியே கர்நாடகத்துக்குப் போனது. மழை பொய்த்த வருடத்தில் இரண்டு பக்கமும் ஒரே பொருளை, ஒரே மாதங்களில், ஒரே காரணத்துக்குக் கேட்கின்றன. 'உங்களுக்கு எதுக்கு வேணும்?' என்று கேட்டால் இரண்டு பேரும் பயிருக்கு என்பார்கள். அங்கே சுளையும் தோலும் இல்லை. ஃபாலெட்டுக்கே இது தெரியும். இரண்டு ஆண்கள் ஒரே பெண்ணை மணக்க விரும்பினால் அங்கே இணைப்புக்கு இடமில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த பயிற்சி வகுப்புகள்தான் அதை மறந்தன.

நெற்குப்பையில் வித்தியாசம் இருந்தது, அதனால் மொத்தம் பெரிதானது என்று சொல்லிக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். பத்திரம் எழுதப் போகாமல் இருந்திருந்தால்.

*

பத்திர எழுத்தர் வாரிசுச் சான்றிதழைக் கேட்டார். அதில் நான்கு பெயர்கள். ஐயாவுக்கு ஒரு மகளும் உண்டு, தேவகோட்டையில். நண்பன் அயித்தை என்பான். அவன் பேச்சில் அவர் பலமுறை வந்திருக்கிறார், பங்குக் கணக்கில் ஒருமுறைகூட வரவில்லை. 'அயித்தைக்குத்தான் அப்பவே சீர் எல்லாம் செஞ்சாச்சே' என்றான்.

1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, உயில் எழுதாத தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகன்களோடு சம பங்கு. ஆனால் அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும் வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க முடியாது. பங்கு உண்டு, கேட்கும் உரிமை இல்லை. 2005இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். வீட்டிலுள்ளவர்கள் மனதில் அது அப்படியே இருந்தது. என் மனதிலும்தான். வளவில் யாரையெல்லாம் உட்காரவைக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

கணக்கைத் திரும்பப் போட்டேன். 72ஐ நான்கால் வகுத்தால் 18. நாங்கள் ஒவ்வொருவருக்கும் போட்டிருந்த 24இல் 6 லட்சம் அயித்தையுடையது. பேரத்தில் 16 லட்சம் உருவானது உண்மைதான். அதைவிடப் பெரிய தொகை, 18 லட்சம், யாரும் வாயைத் திறக்காமல் கைமாறவிருந்தது. மதுரை ஆச்சி சரி என்ற 25ஐப் பிரித்துப் பார்த்தால், 18 அவருடையது, 6 நாத்தனாருடையது, ஒன்றுதான் என் புத்தகம் வாங்கித் தந்தது.

அதனால் இப்போது மொத்தம் பெரிதாகிவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு இரண்டு கேள்விகள் வருகின்றன. இது உட்கார்ந்திருப்பவர்களின் வித்தியாசத்திலிருந்து வந்ததா, உட்காராத ஒருவரின் பையிலிருந்து வந்ததா? வித்தியாசத்திலிருந்துதான் என்றால், அதைச் சொல்லி வெளிப்படுத்தியவருக்கு எவ்வளவு போனது?

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டுத் தேவகோட்டைக்குப் போனோம். அயித்தை காபி கொடுத்தார். தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

'வீடு நிக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன். அங்க வந்தா ஒரு ராத்திரி தங்க எனக்கு ஒரு அறை வேணும், சாவி எங்கிட்ட இருக்கணும்.' நண்பன் முகம் மலர்ந்தது. சாவி அவனுக்குச் செலவே இல்லை, அவருக்கு அது நிறைய. சுத்தமான இணைக்கும் பேரம்.

பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். 'நீங்கதான் கணக்குப் பாத்தீங்களாமே தம்பி. என் பங்கு எவ்வளவுன்னு இதுல எழுதுங்க. எழுதினப்புறம் கையெழுத்த யோசிக்கலாம்.'

18 என்று எழுதினேன். பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. நண்பன் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. போன வாரம் கூப்பிட்டு, மதுரைக்கு எவ்வளவு, தேவகோட்டைக்கு எவ்வளவு, தன்னால் எவ்வளவு முடியும் என்று வரிசையாகக் கேட்டான். நான் என் கையில் இருந்த எல்லா எண்களையும் சொன்னேன். இந்த முறை மற்ற மூவருக்கும் அதே எண்களை அனுப்பிவிடு என்றேன்.