பெயரைக் கடைசியில் சொன்ன பெண்

கல்லூரிகளில் மன்றத் தொடக்க விழாக்களின் சீசன் இது. சிவில் துறை விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்த மூன்றாம் ஆண்டு மாணவியைப் பற்றி நான் கேட்ட விமர்சனம் எல்லாம் ஒன்றுதான்: “பயோடேட்டாவில் பாதிக்கு மேல் விட்டுவிட்டார், தயாரிப்பு போதாது.” இதை நான் அடியோடு மறுக்கிறேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடக்க ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கிக்கொண்டு விடுகிறாரே, மாணவி விட்டதும் அப்படித்தான். அது மறதி அல்ல, தீர்ப்பு.

அவர் கையில் இருந்தது இரண்டு பக்கம். பட்டங்கள், வகித்த பதவிகள், கட்டுரைகள், விருதுகள். ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்தாலே இரண்டு மூன்று நிமிடம் ஓடிவிடும். நேரமோ மதியம் இரண்டு மணி, சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். எதிரே இருந்தவர்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். தலைப்பு, கட்டுமான இடத்தில் கான்கிரீட் க்யூரிங். அந்த இரண்டு பக்கத்தில் இந்தத் தலைப்பில் பேச விருந்தினருக்குத் தகுதி தரும் வரி எது? ஒன்றே ஒன்று: சைட்டில் 30 வருடம். மாணவி அதை மட்டும் வைத்துக்கொண்டு மேடை ஏறினார். மீதி எல்லாம் அழைப்பிதழிலேயே அச்சாகியிருந்தது.

அவர் பேசியது இவ்வளவுதான்:

“போன வாரம் லேபில் க்யூப் உடைத்தீர்கள். 28 நாள் தொட்டித் தண்ணீரில் கிடந்த க்யூப். கட்டடத்தில் நிற்கும் தூணுக்கு அப்படி ஒரு தொட்டி கிடையாது. அதற்கு யார் தண்ணீர் விடுவார்கள், எத்தனை நாள் விடுவார்கள்? இந்தக் கேள்வியோடு 30 வருடம் சைட்டில் நின்றவர் நம்மிடம் பேச வந்திருக்கிறார். இன்று வந்தவுடன் சாப்பிடக்கூடப் போகாமல் நேரே நம் லேபுக்குத்தான் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டு, உங்கள் க்யூப் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.”

பிறகுதான் பெயர். அதையும் விருந்தினர் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை. அரங்கத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகே அவரைப் பார்த்துக் கைதட்டினார். திரும்பிக்கொண்டே சொன்னால் மைக் விலகி, பெயர் பாதி காற்றில் போய்விடும். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் சொச்சம்.

கவனியுங்கள், புகழ்ச்சி என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அரங்கத்துக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. ‘நம் க்யூபை எடுத்துப் பார்த்தார்’ என்ற ஒரே காட்சி அதைச் செய்தது. தொட்டி அருகே அவர் நின்றதைத் தன் கண்ணால் கண்டு, எழுதிவைத்த ஒரு வரியை அடித்துவிட்டு மாணவி அதைச் சேர்த்திருக்கிறார். பரிவு பயோடேட்டாவில் கிடைக்காது, பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் கிடைக்கும்.

இன்னொரு விடுதலும் உண்டு. யாரும் அதைப் பேசவில்லை. சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள் க்யூரிங் வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. மூன்றாம் ஆண்டு மாணவிக்கு இது தெரியாமலா இருக்கும்? ‘எத்தனை நாள்’ என்று கேட்டவர் பதிலைச் சொல்லவில்லை. அது விருந்தினர் அடிக்க வேண்டிய பந்து. ஒரு ரன் ஓடி, ஸ்ட்ரைக்கை எதிர்முனைக்குக் கொடுத்தார்.

அறிமுகம் எடுபட்டதா என்பது அறிமுகத்தில் தெரியாது. விருந்தினரின் முதல் வாக்கியத்தில் தெரியும். “என்னைப் பற்றி அதிகமாகச் சொல்லிவிட்டார்கள்” என்று அவர் தொடங்கினால் நீங்கள் தோற்றீர்கள். அந்தப் பாராட்டை இறக்கிவைக்கவே அவருக்கு நேரம் போகும். தான் யார் என்று அவரே விளக்க வேண்டிவந்தாலும் தோல்விதான். அன்று அவர் எழுந்ததும் சொன்னது: “அந்த க்யூபில் ஒரு மூலை பொரிந்திருந்தது. அது யாருடையது?” பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. உரை அங்கேயே தொடங்கிவிட்டது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த செமஸ்டரில் மற்ற துறைகளும் ஒரு நிமிட அறிமுகத்துக்கு மாறும். பலர் சுருக்கத்தை மட்டும் காப்பியடித்து, பட்டியலையே வேகமாக வாசிப்பார்கள், அது எடுபடாது. இந்த மாணவிக்கு உண்மையான சோதனை, பெரும் பதவியில் இருப்பவர் விருந்தினராக வரும் நாளில்தான். அத்தனை பட்டத்தையும் சொல் என்று மேடை நெருக்கும். அன்றும் அவர் பட்டத்தை ஒருமுறை முறையாகச் சொல்லிவிட்டு, தான் கண்ட ஒன்றை மட்டுமே சொல்வார், பெயரைக் கடைசிக்கு வைப்பார் என்று நான் நம்புகிறேன். அந்த அரங்கில் முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் வேண்டும்.